கோடையில் லாரித் தண்ணீர்: பதிவு செய்வதும் செலவைப் பிரிப்பதும், புதிதாகப் பொறுப்பேற்ற சங்கச் செயலாளர்களுக்கு

வேளச்சேரிப் பக்கம் 24 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு கோடைகள் நான் சங்கச் செயலாளராக இருந்தேன். முதல் கோடையில் லாரிக்கான பணத்தை என் கைப்பணத்திலிருந்து கொடுத்துவிட்டு, அதைத் திரும்ப வாங்க ஆகஸ்ட் வரை படிப்படியாக ஏறி இறங்கினேன். இரண்டாம் கோடையில் ஒரே ஒரு அறிவிப்பைச் சரியாக எழுதி, அதில் சொன்னபடி நடந்துகொண்டதால் அந்த அலைச்சல் இல்லாமல் போயிற்று. அந்த அறிவிப்பில் என்ன இருந்தது, அதை எழுதுவதற்கு முன்னால் எவற்றையெல்லாம் தயார் செய்ய வேண்டியிருந்தது என்பதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். நான் சொல்வது சென்னையை வைத்துத்தான். மற்ற ஊர்களில் லாரி அனுப்பும் அலுவலகம் மாறும், கணக்கு மாறாது.

1. முதலில் சம்ப்பை அளந்து கொள்ளுங்கள்

‘எங்கள் சம்ப் 25,000 லிட்டர்’ என்று கட்டுநர் சொன்னதை எல்லாரும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதை நம்பாமல் ஒரு டேப்பை எடுத்து நீளத்தையும் அகலத்தையும் உள்அளவாக அளந்து, ஆழத்தை ஒரு நீண்ட கழியால் பாருங்கள். ஒரு கன அடித் தண்ணீர் 28.3 லிட்டர். எங்கள் சம்ப் 12 அடி நீளம், 10 அடி அகலம், 7 அடி ஆழம் என்பதால் 840 கன அடி, அதாவது ஏறக்குறைய 23,800 லிட்டர் பிடிக்கும்.

இதைவிட முக்கியமானது ஓர் அங்குலத்துக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கு. நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 12ஆல் வகுத்தால் ஓர் அங்குல உயரத்தின் கன அடி கிடைக்கும். எங்களுக்கு அது 10 கன அடி, அதாவது 283 லிட்டர். ஆகவே 12,000 லிட்டர் லாரி முழுதாக இறங்கினால் தண்ணீர் மட்டம் நாற்பத்திரண்டரை அங்குலம், சுமார் மூன்றரை அடி, உயர வேண்டும். இந்த ஓர் எண்ணைச் சம்ப் மூடியின் உட்புறத்தில் பெயின்ட்டால் எழுதி வைத்தோம். பின்னால் பல வாக்குவாதங்களை அதுதான் முடித்து வைத்தது. ஏழடிக்கு மேல் நீளமான மூங்கில் கழி ஒன்றில் அங்குலக் கோடுகளைப் போட்டு, காவலாளியின் அறையிலேயே வைத்துவிடுங்கள்.

அடுத்தது தேவை. நகரங்களுக்கான குடிநீர்த் திட்ட வழிகாட்டி நெறிகள் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுகின்றன. பற்றாக்குறைக் காலத்தில் ஒருவருக்கு 100 லிட்டர் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். எங்கள் குடியிருப்பில் 77 பேர் இருந்தார்கள். வீடுகளுக்கு 7,700 லிட்டர், படிக்கட்டு கழுவுவது, காவலாளி அறை முதலிய பொது உபயோகத்துக்கு 300 லிட்டர் என்று நாளொன்றுக்கு 8,000 லிட்டர் தேவைப்பட்டது. போர்வெல் வற்றிவிட்டது. குடிநீர் வாரியக் குழாயில் சராசரியாக 2,000 லிட்டர் வந்தது. மீதி 6,000 லிட்டரை லாரிதான் கொண்டுவர வேண்டும் என்றால், 12,000 லிட்டர் லோடு இரண்டு நாளைக்கு ஒன்று, மாதத்துக்கு 1,80,000 லிட்டர். கூட்டத்தில் ‘தண்ணீர் இல்லை, லாரி வாங்க வேண்டும்’ என்று சொல்வதற்கும் இந்த எண்ணைச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு அன்றைக்கே தெரியும்.

குழாயில் வரும் அளவைக் கண்டுபிடிக்க, இரவில் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தண்ணீர் வரும் முன்பும் வந்து நின்ற பின்பும் கழியை விட்டுப் பாருங்கள். நான்கு முறை பார்த்தால் சராசரி தெரிந்துவிடும்.

2. பணம் வாங்கும் அதிகாரத்தை எழுத்தில் பெறுங்கள்

நான் செய்த முதல் தவறு இதுதான். தண்ணீர் நின்ற இரவில் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். பத்துப் பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அதைத் தீர்மானமாக எடுத்துக்கொண்டு லாரியை வரவழைத்தேன். பில் வந்தபோது ‘நான் சம்மதிக்கவில்லையே’ என்று நான்கு வீட்டார் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை.

மார்ச் மாதத்துக்குள் ஒரு கூட்டம் கூட்டி, நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் ஐந்து செய்திகளைத் தீர்மானமாக எழுதி, வந்தவர்களின் கையெழுத்தைப் பெறுங்கள்: லாரித் தண்ணீர் எந்தத் தேதியிலிருந்து வாங்கப்படும், மாதத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு செலவு செய்யலாம், முன்பணம் எவ்வளவு, செலவு எந்த முறையில் பிரிக்கப்படும், லாரியை வரவழைக்கும் பொறுப்பு எந்த இருவருடையது. ஒருவரை மட்டும் நியமிக்க வேண்டாம். அவர் ஊருக்குப் போகும் வாரத்தில்தான் மோட்டார் காற்றை இழுக்கும்.

கூட்டத்துக்கான அறிவிப்பை எத்தனை நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும் என்பதும், எத்தனை பேர் வந்தால் தீர்மானம் செல்லும் என்பதும் உங்கள் சங்கத்தின் துணைவிதிகளில் இருக்கும். அதைப் படித்துவிட்டு நாள் குறியுங்கள். வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்கும் உரிமையாளர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, அனுப்பியதற்கான சான்றைக் கோப்பில் வையுங்கள். பூட்டிய வீட்டுக்கும் ஒரு பங்கு வரப்போகிறது என்பதால் அவர்களிடமிருந்துதான் முதல் ஆட்சேபம் வரும்.

இன்னொன்று. தண்ணீர்ப் பணத்தைப் பராமரிப்புக் கட்டணத்தோடு கலக்காமல் தனிப் பேரேட்டில் எழுதுங்கள். மாதப் பராமரிப்பே உறுப்பினர் ஒருவருக்கு ரூ. 7,500 என்ற ஜிஎஸ்டி வரம்பை நெருங்கும் பெரிய குடியிருப்புகள், இதையும் சேர்த்து வசூலிக்கும் முன் தங்கள் தணிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

3. வாரிய லாரிக்குப் பதிவு செய்தல்

சென்னைக் குடிநீர் வாரியத்தின் ‘டயல் ஃபார் வாட்டர்’ சேவையில் கட்டணம் செலுத்தி லாரித் தண்ணீர் பெறலாம். தனியார் விலையோடு ஒப்பிட்டால் இது மலிவு, தரமும் நம்பத்தக்கது. குறை ஒன்றுதான்: கேட்ட அன்றே வராது. எங்களுக்கு ஏப்ரலில் மூன்று நாளில் வந்தது, மே மாத நடுவில் எட்டு நாள் ஆனது. 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது நகரம் முழுவதும் வாரக்கணக்கில் காத்திருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகையால் வாரிய லாரியை அவசரத்துக்கு நம்பாமல், தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் ஒரு பகுதி வரவாக மட்டும் கணக்கில் வையுங்கள். ஒரு லாரி வந்து இறங்கிய அன்றே அடுத்ததற்குப் பதிவு செய்துவிடுங்கள்.

பதிவுக்குக் கையில் இருக்க வேண்டியவை: வாரிய நுகர்வோர் எண், குடிநீர் வரியும் கட்டணமும் செலுத்திய கடைசி ரசீது, பதிவு செய்யும் கைபேசி எண். நுகர்வோர் எண் வாரிய அட்டையிலும் பழைய ரசீதிலும் இருக்கும். பல குடியிருப்புகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் இருப்பதால், எந்த எண்ணில் பதிவு செய்வது என்பதைக் கூட்டத்திலேயே முடிவு செய்து, அந்த எண்ணில் நிலுவை எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு செய்ய உட்காரும் நேரத்தில் பழைய பாக்கி ஒன்று எழுந்து நிற்பது மிகவும் எரிச்சலான அனுபவம்.

கைபேசி எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதிவை உறுதி செய்யும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். முதல் ஆண்டு ஓர் உறுப்பினரின் சொந்த எண்ணைக் கொடுத்திருந்தோம். அவர் பகலில் அலுவலகக் கூட்டங்களில் இருப்பார். ஓடிபி வந்து காலாவதியாகும். ஓட்டுநர் வழி கேட்டு அழைத்தால் எடுக்க ஆள் இருக்காது. இரண்டாம் ஆண்டு சங்கத்துக்கென்று ஒரு சிம் வாங்கி, காவலாளி அறையில் ஒரு பழைய போனில் போட்டு வைத்தோம்.

பதிவின்போது கொள்ளளவைத் தேர்ந்தெடுத்தால் கட்டணம் திரையில் தெரியும். வீட்டு உபயோகத்துக்கும் வணிக உபயோகத்துக்கும் கட்டணம் வேறு. தரைத்தளத்தில் கடை இருக்கும் கட்டடங்கள் இதைக் கவனிக்க வேண்டும். பணம் செலுத்தியதும் வரும் பதிவு எண்ணைப் பேரேட்டில் எழுதி, ரசீதை அச்செடுத்து ஒட்டுங்கள். லாரி வராவிட்டால் வாரியத்தின் 1916 என்ற எண்ணில் புகார் சொல்லும்போது பெயரையும் முகவரியையும் விட அந்தப் பதிவு எண்தான் வேலை செய்யும்.

4. தனியார் லாரியைப் பேசி முடித்தல்

தண்ணீர் தீர்ந்த இரவில் அழைத்துப் பேசினால் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டியதுதான். மார்ச்சிலேயே மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கி, இருவரை முடிவு செய்யுங்கள். ஒருவர் போதாது; லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நாட்களும் உண்டு, ஒருவருடைய கிணறு வற்றிப்போகும் நாட்களும் உண்டு. பேச வேண்டியவை இவை: லாரியின் உண்மையான கொள்ளளவு, மே இறுதி வரை விலை மாறாது என்ற உறுதி, போன் செய்த எத்தனை மணி நேரத்தில் வரும், இரவு வந்தால் கூடுதல் உண்டா, குறைந்தால் எப்படிக் கழிப்பது. ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும், பத்திரம் வேண்டியதில்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கட்டாயம் கேளுங்கள். சென்னைப் பெருநகர்ப் பகுதியில் நிலத்தடி நீரை எடுத்து லாரியில் கொண்டுசெல்ல 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். உரிம நகலைக் காட்டத் தயங்குபவரிடம் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். ஒருநாள் பிடிபட்டால் அவருடைய லாரி நின்றுபோகும், அன்று நம் சம்ப்பும் காலியாக இருக்கும்.

12,000 லிட்டர் லாரி உங்கள் தெருவில் திரும்புமா என்பதை முன்கூட்டியே ஓட்டுநரை வரவழைத்துக் காட்டுங்கள். எங்கள் தெரு முனையில் தாழ்வாகத் தொங்கிய ஒரு கேபிளால் முதல் லாரி நாற்பது நிமிடம் நின்றது. பிறகு ஹோஸ் நீளம். வாசலிலிருந்து சம்ப் வரை அறுபது அடி என்றால், லாரிக்காரரிடம் இருப்பது பெரும்பாலும் அதைவிடக் குட்டையாகத்தான் இருக்கும். சங்கமே ஒரு ஹோஸ் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

5. எப்போது போன் செய்வது, வந்தால் என்ன செய்வது

சம்ப் முழுதும் வற்றும்வரை காத்திருப்பதும் தவறு, பாதிக்கு மேல் இருக்கும்போதே லாரி வந்து நிற்பதும் தவறு. இரண்டாவது தவறில் நடப்பது இதுதான்: 12,000 லிட்டர் லாரி வருகிறது, சம்ப்பில் 9,000 லிட்டருக்குத்தான் இடம் இருக்கிறது, மீதியை ஓட்டுநர் திருப்பிக்கொண்டு போய் வேறு யாருக்கோ விற்கிறார், நாம் முழுப் பணமும் கொடுத்திருப்போம். எங்கள் சம்ப்புக்கு நாங்கள் வைத்த விதி, மட்டம் நாலரை அடிக்கு இறங்கியதும் போன் செய்வது. அடுத்த நாள் லாரி வரும்போது மட்டம் மூன்றடிக்கும் கீழே இறங்கியிருக்கும். ஒரு முழு லோடுக்கும் இடம் இருக்கும். அடியில் ஒரு அடி வண்டல் படிந்த தண்ணீர் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

லாரி வந்து நின்றதும் வரிசையாகச் செய்ய வேண்டியவை உண்டு. முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் இறங்கிய அளவைக் கண்டுபிடிக்கவே முடியாது. அந்த நேரம் வாரியக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தால் அதன் வால்வையும் மூட வேண்டும். கழியை விட்டு மட்டத்தைக் குறித்துக்கொண்டு, லாரியின் மேல்மூடியைத் திறக்கச் சொல்லித் தண்ணீர் விளிம்பு வரை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஹோஸிலிருந்து முதல் வாளியைச் சம்ப்பில் விடாமல் வெளியே பிடியுங்கள்.

அந்த வாளியை வெள்ளைப் பிளாஸ்டிக் வாளியாக வைத்திருந்தோம். நிறம், மணல், வாடை மூன்றும் அதில் உடனே தெரியும். கையடக்க டிடிஎஸ் மீட்டர் ஒன்றையும் வாங்கி வையுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாதபோது 2,000 வரை அனுமதி உண்டு. குளிக்கவும் துணி துவைக்கவும் 1,200 வரை ஏற்றுக்கொள்வது, அதற்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்புவது என்று நாங்கள் முடிவு செய்தோம். ஒருநாள் மீட்டர் 1,900 காட்டியது. ஓட்டுநர் ‘கோடையில எல்லா இடத்துலயும் இப்படித்தான் சார்’ என்றார். முன்பே எழுதிய தாளில் அந்த எண் இருந்ததால் வாக்குவாதம் இல்லாமல் திரும்பிப் போனார். ஆனால் இந்த மீட்டர் உப்பை மட்டுமே சொல்லும், கிருமியைச் சொல்லாது. மீட்டரில் குறைவாகக் காட்டிவிட்டது என்பதற்காக லாரித் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது.

தண்ணீர் இறங்கி முடிந்து அலை அடங்கியதும் மீண்டும் கழியை விடுங்கள். ஒருநாள் எங்களுக்கு 31 அங்குலத்திலிருந்து 67 அங்குலத்துக்கு உயர்ந்தது. 36 அங்குலம், அதாவது 10,190 லிட்டர். 1,800 லிட்டர் குறைவு. ‘ஃபுல் லோடு சார், நீங்களே மேல ஏறிப் பாத்தீங்களே’ என்று ஓட்டுநர் சொன்னது உண்மைதான். லாரி நிறைந்துதான் இருந்தது, தொட்டிதான் 12,000 லிட்டர் இல்லை. கிருமிநீக்கத்துக்காக லோடு ஒன்றுக்குப் புதிய பிளீச்சிங் பவுடர் சுமார் 80 கிராம் எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல்தெளிவை மட்டும் சம்ப்பில் ஊற்றினோம். அரை மணி நேரம் கழித்தே மோட்டாரைப் போட வேண்டும்.

பேரேட்டில் ஒரு லோடுக்கு ஒரு வரி: தேதி, நேரம், வாகன எண், முன் மட்டம், பின் மட்டம், டிடிஎஸ், தொகை, காவலாளி கையெழுத்து. பணத்தை யுபிஐ வழியாகச் சங்கக் கணக்கிலிருந்தே அனுப்புங்கள். ரொக்கம் கொடுத்தால் சில நூறு குறையும் என்பார்கள். அந்தச் சில நூறுக்காக ரசீதை இழந்தால் மாத முடிவில் உங்கள் வார்த்தையைத் தவிர வேறு ஆதாரம் இருக்காது.

6. செலவைப் பிரிக்கும் முறை

சண்டை வருவது லாரியால் அல்ல, இந்த இடத்தில்தான். முதல் ஆண்டு எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரித்தேன். முதல் தளத்தில் தனியாக இருக்கும் ஓர் அம்மா, ‘நான் ஒருத்திதான் இருக்கேன் தம்பி, ஆறு பேர் இருக்கற வீட்டுக்கும் எனக்கும் ஒரே காசா?’ என்று கேட்டார். பதில் இல்லை. சதுர அடிப்படி பிரித்தாலும் இதே கேள்வி வரும்; மூன்று படுக்கையறை வீட்டில் இருவர் இருப்பார்கள், இரண்டு படுக்கையறை வீட்டில் ஆறு பேர் இருப்பார்கள். முழுதும் தலைக்கணக்கு என்றால் பூட்டிய வீட்டுக்காரர் ஒன்றும் தர வேண்டியதில்லை. ஆனால் படிக்கட்டும் காவலாளி அறையும் அவருக்கும் சேர்த்துத்தான் பராமரிக்கப்படுகின்றன. வீட்டுக்கு வீடு மீட்டர் இருந்தால் அதுவே சிறந்தது. பழைய கட்டடங்களில் ஒரே வீட்டுக்கு மூன்று நான்கு குழாய் வழிகள் இறங்குவதால் மீட்டர் வைப்பது ஒரு கோடைக்குள் நடக்கிற காரியமல்ல.

நாங்கள் ஒப்புக்கொண்டது: செலவில் கால் பங்கு எல்லா வீட்டுக்கும் சமம், முக்கால் பங்கு ஆள்-நாள் கணக்கு. ஒருவர் ஒரு நாள் வீட்டில் இருந்தால் அது ஓர் ஆள்-நாள். மே மாதக் கணக்கை அப்படியே தருகிறேன்.

அந்த மாதம் மொத்தச் செலவு ரூ. 36,000. அதில் தனியார் லாரி 12 லோடு, ரூ. 2,700 வீதம் ரூ. 32,400, மீதி நான்கு வாரிய லாரிகளுக்கும் ஒரு புதிய ஹோஸுக்கும். கால் பங்கான ரூ. 9,000ஐ 24 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு ரூ. 375. முக்கால் பங்கு ரூ. 27,000. அந்த மாதத்தை 30 நாளாக எடுத்துக்கொண்டதில் 77 பேருக்கு 2,310 ஆள்-நாள்; ஊருக்குப் போயிருந்தவர்களின் 60 ஆள்-நாளைக் கழித்தால் 2,250. ஆகவே ஓர் ஆள்-நாளுக்கு ரூ. 12.

தனியாக இருக்கும் அம்மாவுக்கு 375 உடன் 360 சேர்ந்து ரூ. 735 வந்தது. நால்வர் குடும்பத்துக்கு ரூ. 1,815. அதே நால்வர் பத்து நாள் ஊருக்குப் போய் வந்திருந்தால் ரூ. 1,335. பூட்டிய வீட்டுக்கு ரூ. 375. சமமாகப் பிரித்திருந்தால் எல்லாருக்கும் ரூ. 1,500 வந்திருக்கும். ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கு ரூ. 2,535 வந்தபோது அந்த வீட்டுக்காரர் முகம் சுளித்தார். ஆனால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ரூபாய் என்று எழுதிக் காட்டியதும் பணம் கொடுத்துவிட்டார்.

இதில் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டிய நுணுக்கங்கள் உண்டு. மூன்று நாளுக்குக் குறைவாக வெளியூர் போனால் கழிக்க மாட்டோம் என்று வைத்தோம். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கடிதம் வரும். ஏழு நாளுக்கு மேல் தங்கும் விருந்தினரைச் சேர்த்தோம். கோடை விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளைக் கணக்கில் விட்டால் உண்மையான செலவு மறைந்துவிடும். கைக்குழந்தைக்குப் பாதி என்று ஒருவர் கேட்டார், துணி துவைக்கிறவர்கள் சிரித்தார்கள், அதை விட்டுவிட்டோம். வீட்டு வேலைக்கு வந்து போகிறவர்களைச் சேர்க்கவில்லை. ஆட்களின் எண்ணிக்கையை ஒவ்வொரு வீட்டாரும் தாங்களே எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். நாம் எண்ணத் தொடங்கினால் அது வேவு பார்ப்பதாக முடியும். பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி ஒட்டினாலே குறைத்து எழுதுவது நின்றுவிடும்.

வாடகைக்கு இருக்கும் வீடுகளில் யார் கொடுப்பது என்பது அவர்களுடைய ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சங்கத்தைப் பொறுத்தவரை கேட்க வேண்டியது உரிமையாளரைத்தான். குடியிருப்பவர் கொடுத்தால் பெற்றுக்கொள்ளலாம். அறிவிப்பின் ஒரு பிரதியை இருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

7. அறிவிப்பு

எங்கள் இரண்டாம் ஆண்டு அறிவிப்பின் வாசகம் இது. தேதிகளையும் தொகைகளையும் உங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

‘மார்ச் 24

உறுப்பினர்களுக்கும் குடியிருப்போருக்கும்,

மார்ச் 17 அன்று நடந்த சிறப்புக் கூட்டத் தீர்மானத்தின்படி ஏப்ரல் 1 முதல் லாரித் தண்ணீர் வாங்கப்படும். நாளொன்றுக்கு நமது தேவை 8,000 லிட்டர். குழாய் வரவு சுமார் 2,000 லிட்டர். பற்றாக்குறை 6,000 லிட்டர். மாதச் செலவு ரூ. 40,000ஐத் தாண்டும் நிலை வந்தால் மீண்டும் கூட்டம் கூட்டப்படும்.

ஒவ்வொரு வீட்டாரும் முன்பணமாக ரூ. 1,500ஐ மார்ச் 31ஆம் தேதிக்குள் சங்கத்தின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்த வேண்டும். இது செலவல்ல, முன்பணம். மாதப் பங்கு தனியாகக் கணக்கிடப்படும்.

செலவில் கால் பங்கு எல்லா வீடுகளுக்கும் சமமாகவும், முக்கால் பங்கு ஆள்-நாள் கணக்கிலும் பிரிக்கப்படும். இணைத்துள்ள படிவத்தில் வீட்டில் இருப்போர் எண்ணிக்கையை எழுதி மார்ச் 31க்குள் காவலாளியிடம் கொடுக்கவும். படிவம் வராத வீட்டுக்கு நால்வர் என்று எடுத்துக்கொள்ளப்படும். வெளியூர் செல்வோர் புறப்படும் முன் பதிவேட்டில் எழுதிவிட்டுச் செல்லவும். பின்னர் சொல்வது ஏற்கப்படாது.

தண்ணீர் மேலே ஏற்றப்படும் நேரம் காலை 5.30 முதல் 8.30 வரை, மாலை 6 முதல் 8 வரை. வாகனங்களை ஹோஸ் வைத்துக் கழுவ வேண்டாம். லாரித் தண்ணீர் குடிப்பதற்கு உகந்ததல்ல.

ஒவ்வொரு மாதமும் 3ஆம் தேதி கணக்கும் ரசீது நகல்களும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஆட்சேபம் இருந்தால் 6ஆம் தேதிக்குள் எழுத்தில் தரவும். பங்கை 10ஆம் தேதிக்குள் செலுத்தவும்.

செயலாளர், பொருளாளர்’

இதில் அதிகம் பயன்பட்ட வரி ‘படிவம் வராத வீட்டுக்கு நால்வர்’ என்பது. இந்த வரி இருந்தபோது இரண்டு நாளில் 22 படிவங்கள் வந்தன. படிவம் வராதவை பூட்டிய இரண்டு வீடுகள் மட்டுமே. அவற்றுக்கு யாரும் இல்லை என்று உரிமையாளர்கள் மின்னஞ்சல் அனுப்பினார்கள்.

8. பணம் தராதவர்களும் கணக்கை முடிப்பதும்

தராதவரின் குழாயை மூடிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். தண்ணீரை நிறுத்துவது சட்டச் சிக்கலையும் காவல் நிலையப் புகாரையும் கொண்டுவரும்; உள்ளே முதியவரோ குழந்தையோ இருந்தால் அது நியாயமும் ஆகாது. முன்பணத்திலிருந்து அந்த மாதப் பங்கைக் கழித்துக்கொண்டு, முன்பணத்தை மீண்டும் நிரப்பும்படி எழுத்தில் கேளுங்கள். அதற்குத்தான் முன்பணம். இரண்டு மாதம் தொடர்ந்தால் உரிமையாளருக்குப் பதிவுத் தபால் அனுப்பி, வீடு விற்கும்போதோ வாடகைக்கு விடும்போதோ சங்கம் தரும் நிலுவையின்மைச் சான்றில் இந்தத் தொகை குறிப்பிடப்படும் என்று தெரிவியுங்கள். எங்களுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

போர்வெல் மீண்டும் ஊறத் தொடங்கி, தொடர்ந்து ஒரு வாரம் லாரி வேண்டாம் என்று மட்டம் காட்டிய பிறகுதான் லாரிக்காரர்களிடம் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு மழையைப் பார்த்துவிட்டு நிறுத்தினால் திரும்ப அழைக்கும்போது பழைய விலை கிடைக்காது. முன்பணத்தில் மீதியைப் பராமரிப்பில் கழிக்காமல் அவரவர் கணக்குக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அடுத்த மார்ச்சில் ரூ. 1,500 கேட்கும்போது அது உதவும்.

கடைசி வேலை சம்ப்பைக் கழுவுவது. ஒரு கோடை லாரித் தண்ணீருக்குப் பிறகு எங்கள் சம்ப்பின் அடியில் விரல் மொத்தத்துக்கு மணலும் களியும் படிந்திருந்தன. மூடிகள் எல்லாவற்றையும் திறந்து வைத்து, நன்றாகக் காற்றோட்டம் ஏற்பட்ட பிறகே ஆளை இறக்க வேண்டும். ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் மேலே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கழுவிய தேதியை மூடியின் உட்புறத்தில், அந்த நாற்பத்திரண்டரை அங்குலத்துக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.